வந்து சேராத எழுத்து

கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ். பத்தாவதில் கணக்கில் போனது. அதோடு படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டர் கையால் பழகியதுதான். தமிழ் அடிப்பேன். இங்கிலீஷ் பார்த்துப் பார்த்து அடிப்பேன். உருது ஒரு எழுத்துகூடத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஒரு வருடம் இரண்டு பாய்கள் கடைக்கு வந்தார்கள். அண்ணன் தம்பி. தம்பிக்குத் தையல் கடை. என் பையனுக்கு ஸ்கூல் யூனிபார்ம் அவர்தான் தைப்பார். அண்ணன் அரிசி மில்லில் எடை போட்டவர். உருதுவில் கஜல் எழுதுவார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தொண்டையில் கட்டி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை. அதன்மேல் வெள்ளைத் துணி. பேச்சு கிடையாது. குழந்தைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். சொல்ல வேண்டியதை அதில் தமிழில் எழுதுவார்.

தம்பிதான் விஷயத்தைச் சொன்னார். வாணியம்பாடியில் வருடத்துக்கு ஒரு முஷாயிரா நடக்கும். கவிஞர்கள் மேடையில் நின்று சொல்வார்கள். ஒரு வரி சொன்னதும் கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அண்ணன் வருடா வருடம் போவார். இந்த வருடம் குரல் இல்லை.

"வேற யாராவது படிக்கலாமே பாய்" என்றேன்.

"நான் படிக்கறேன்னு சொன்னேன்மா. இன்னா எழுதிக் காட்டினாரு தெரியுமா? நீ படிச்சா ரவிக்கைக்கு அளவு சொல்றாப்பல இருக்கும்னு."

அண்ணன் சிரித்தார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் ஆடியது.

மண்டபத்தில் பெரிய ஸ்கிரீன் வைக்கிறார்களாம். அவருடைய கஜல்களை ஒரு வெப் பக்கத்தில் போட்டு லிங்க் கொடுத்தால் அதில் காட்டுவார்கள். அவர் மேடையில் நிற்பார். வரி வரும். கூட்டம் தானே படித்துச் சொல்லும். அவர் கேட்டது அவ்வளவுதான். தன் வரியை அந்தக் கூட்டத்தின் வாயில் ஒரு தடவை கேட்க வேண்டும்.

"அவ்ளோதானே பாய். பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

தம்பியின் மகள் கஜல்களைப் போனில் அடித்து அனுப்பியிருந்தாள். என் டிசைன் சாப்ட்வேரில் ஒட்டினேன். பழைய சாப்ட்வேர். எழுத்தெல்லாம் தலைகீழ் வரிசையில் பிரிந்து நின்றது. சரி, இது நமக்கு ஆகாது என்று வெப் பக்கத்திலேயே போட்டேன். அங்கே சேர்ந்து வந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்தார். கையை ஆட்டினார். இல்லை.

"இன்னா தப்பு பாய்?"

"எழுத்து சரிம்மா. கை சரியில்ல" என்றார் தம்பி.

அண்ணன் பலகையை எடுத்து ஒரு சொல்லை எழுதினார். வலது பக்கம் மேலே தொடங்கினார். இடது பக்கம் கீழே சரிந்து வந்து முடித்தார். அடுத்த சொல்லும் அப்படியே மேலே தொடங்கிக் கீழே வந்தது. பிறகு ஸ்கிரீனைக் காட்டினார். அங்கே எல்லாம் ஒரே கோட்டில் தட்டையாகப் படுத்திருந்தது.

தட்டையாக இருப்பது நஸ்க். அரபுக்கு அது சரி. சரிவாக இருப்பது நஸ்தாலிக். உருதுக் கவிதை என்றால் அதுதான். பெரியவர்கள் சின்ன வயதிலிருந்து படித்ததெல்லாம் சரிவு எழுத்து. அதை ஒரே பார்வையில் படிப்பார்கள். தட்டையில் கொடுத்தால் தெரியும், ஆனால் தடவித் தடவித்தான் படிப்பார்கள். கூட்டம் சேர்ந்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமென்றால் தட்டை உதவாது. அண்ணன் இதை எழுதி அழித்து எழுதி அழித்து எனக்குப் புரிய வைத்தார்.

தம்பியின் போனிலும் என் போனிலும் தட்டையாகத்தான் வந்தது. அவர் மகளின் போனில் மட்டும் சரிவாக வந்தது. சில போன்களில் அந்த ஃபாண்ட் உள்ளேயே இருக்கும். நிறைய போன்களில் இல்லை. இல்லாவிட்டால் கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டுக் காட்டிவிடும். அப்படியானால் பக்கத்தோடு ஃபாண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கிற நஸ்தாலிக் ஃபாண்ட் ஒன்றை இறக்கினேன். எடையைப் பார்த்துத் தப்பான ஃபைல் என்று நினைத்தேன். தமிழ் ஃபாண்ட் எல்லாம் அதன் பக்கத்தில் குழந்தை. சென்னையில் வெப் வேலை செய்கிற ஒருவர் எனக்குப் போன் பழக்கம். அவரைக் கேட்டேன்.

"அப்படித்தான் இருக்கும்க்கா. தமிழ்ல ஒரு எழுத்துக்கு ஒரு உருவம். மிஞ்சிப் போனா கொம்பு, கால். இதுல ஒரே எழுத்து பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாத்து உருவம் மாறும். சொல்லு நீளமா இருந்தா ஆரம்பம் இன்னும் மேல போவணும். புள்ளியெல்லாம் ஒண்ண ஒண்ணு இடிக்காம நகரணும். அந்த உருவம், அந்த விதி எல்லாத்தையும் ஃபாண்டு சுமக்குது. சில ஃபாண்டுல முழு சொல்லு சொல்லா ஆயிரக்கணக்குல வரைஞ்சி வெச்சிருப்பாங்க. அது இன்னும் கனம்."

ஃபாண்டைச் சேர்த்தேன். சரிவு வந்தது. ஆனால் எழுத்துகளுக்கு நடுவில் விரிசல் விழுந்தது. காரணம் என் கைப்பழக்கம். தமிழில் தலைப்பு அடித்தால் எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடைவெளி கொடுப்பேன். ஃப்ளெக்ஸில் தூரத்திலிருந்து படிக்க அதுதான் நல்லது. பழக்கத்தில் இதற்கும் கொடுத்திருந்தேன். கைகோத்து நிற்கிற எழுத்தைப் பிரித்தால் கை அறும். அண்ணன் அதைப் பார்த்ததும் தன் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் வேடிக்கைக்குத்தான் செய்தார்.

இடைவெளியை எடுத்தேன். அடுத்து வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தலைப்புப் பெட்டிக்குள் எழுத்தின் மேல்பாதி வெட்டுப்பட்டது. நேர்க்கோட்டு எழுத்துக்கு அளந்து வைத்த பெட்டி அது. சரிவுக்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும். வரிக்கும் வரிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் விட்டேன். சரியானது.

கஜலில் இரண்டு இரண்டு வரியாக வரும். இரண்டும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டுமாம். புத்தகத்தில் அப்படித்தான். தட்டை எழுத்தில் நடுவில் ஒரு கோடு போட்டு இழுத்துவிடலாம். சரிவில் கோடு போட்டால் சாய்ந்த சுவரில் பலகை நீட்டியது போல் துருத்திக்கொண்டு நிற்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு நீட்டினேன். அண்ணன் உள்ளங்கையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பரவாயில்லை என்று அர்த்தம்.

ஃபாண்டின் எடையைக் குறைக்க நெட்டில் ஏதோ ஒரு இடத்தில் போட்டு எடுத்தேன். நன்றாகக் குறைந்தது. பக்கத்தில் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நின்றது.

"இன்னாம்மா இது, ரேஷன் கடை க்யூவா?" என்றார் தம்பி.

எடையைக் குறைத்த அந்த இடம் எழுத்துகளை வைத்துக்கொண்டு சேர்க்கிற விதியை வெட்டி எறிந்திருக்கிறது. சென்னைக்காரர் முறையாகச் செய்து கொடுத்தார். தேவையில்லாத இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு, விதிகளைத் தொடாமல், வெப்புக்கென்று அழுத்திக் கட்டி அனுப்பினார். அப்போதும் கனம்தான். அதற்கு மேல் குறையாது என்றார்.

ஃப்ளெக்ஸ் வேலையில் எனக்கு இந்தப் பாடே கிடையாது. எந்த எழுத்தாக இருந்தாலும் மெஷினுக்கு அனுப்பும் முன்னால் கர்வ் ஆக்கிவிடுவோம். எழுத்து படமாகிவிடும். எந்த மெஷினுக்குப் போனாலும் அப்படியே வரும். அதையே சொன்னேன்.

"படமா போட்டுடலாம் பாய். நிறைய பேரு உருதுக்கு அப்படித்தான் பண்றாங்க."

ஒரு கஜலைப் படமாகவும் வைத்துக் காட்டினேன். அழகாக இருந்தது. அண்ணன் கிட்டே வந்து என் மௌஸைப் பிடித்தார். எழுத்தாக இருந்த பக்கத்தில் ஒரு வரியின்மேல் இழுத்தார். வரி நீலமானது. படத்தின்மேல் இழுத்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பலகையில் எழுதினார்.

'பிடித்த வரியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதில் எடுக்க முடியாதே.'

மேலே படம், அடியில் எழுத்து என்று இரண்டையும் வைக்கலாம் என்று சென்னைக்காரர் சொன்னார். கண்ணுக்குப் படம் தெரியும், எடுப்பதற்கு எழுத்து இருக்கும். ஒவ்வொரு வரியையும் அளந்து பொருத்த வேண்டும். நாள் இல்லை. அண்ணனும் எழுத்தே போதும் என்று எழுதிக் காட்டினார். எழுத்தாகவே ஏற்றினோம்.

பேசும் மென்பொருளையும் முயன்று பார்த்தோம். தம்பியின் யோசனை. போன் தானே படிக்கும், ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்றார். போட்டோம். ஒரு பெண் குரல் படித்தது. எடைக்கல்லை நம்பி நின்றேன், தட்டு என்னையே கீழே இறக்கியது என்று அந்த வரிக்கு அர்த்தமாம். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எழுதினார்.

'சேலம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது.'

மூன்று பேரும் சிரித்தோம். அதோடு அந்த யோசனை போயிற்று.

தம்பி தன் போனில் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார். வீட்டில், கடையில், டீக்கடையில். எப்போதும் சரிவாக வந்தது. "கல்லு மாதிரி நிக்குதும்மா" என்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். எனக்கும் நிம்மதி.

முஷாயிரா அன்று நான் மலைமேல், வெள்ளிமலையில் இருந்தேன். சாமை, தினை விற்கிற சங்கத்துக்கு போர்டு மாட்டும் வேலை. முன்பே ஒத்துக்கொண்டது. ஃப்ரேம் அடிக்கிறவர் ஒருவரும் நானும் போயிருந்தோம். அவர் ஏணிமேல். நான் கீழே பிடித்திருந்தேன். சாயங்காலம் போன் அடித்தது. தம்பி.

"ம்மா, எழுத்து படுத்துக்கினு இருக்குது."

"எங்க பாய்?"

"ஸ்கிரீன்லம்மா. தட்டையா வந்துட்ச்சி. அண்ணன் மேடையில நிக்கிறாரு. இன்னா பண்றது?"

"யாரு சிஸ்டம்?"

"மண்டபத்துக்காரரு சிஸ்டம். யாரோ போன்ல இருந்து நெட்டு குடுத்துருக்காங்க. சுத்திக்கினே இருக்குது."

"உங்க போன்ல?"

"என் போன்ல சூப்பரா இருக்குதும்மா! அதான் எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் போன் முதல் தடவையே ஃபாண்டை இறக்கி உள்ளே வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் சேர்த்து வைத்ததைத்தான். மண்டபத்து சிஸ்டம் இப்போதுதான் முதல் தடவை திறக்கிறது. கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன். நெட்டு இழுக்கிறது. எழுத்து லேசு, உடனே வந்துவிட்டது. ஃபாண்ட் கனம், வழியில் நிற்கிறது. பிரவுசர் மூன்று நொடி போல வெறுமையாகக் காத்திருக்கும். வராவிட்டால் கையில் இருக்கிற தட்டையைப் போட்டுவிடும்.

வழி இருந்தது. ரொம்பச் சின்ன வழி. அவர் போனில் சரியாகத் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த சிஸ்டத்துக்கு அனுப்பினால் போதும். படம். லேசு. ஃபாண்டே வேண்டாம்.

"பாய், உங்க போன்ல தெரியறத அப்படியே ஸ்கிரீன்..."

கட் ஆகிவிட்டது.

திருப்பி அடித்தேன். போகவில்லை. மேலே ஏணியில் நின்றவர் சொன்னார்.

"இங்க டவரு சாமி மாதிரிக்கா. அது நெனச்சா வரும். அந்தப் புளியமரத்தாண்ட போய் நின்னு பாருங்க."

ஏணியை விட்டுவிட்டுப் போக முடியாது. அவர் இறங்கும் வரை பிடித்திருந்தேன். பிறகு ஓடினேன். புளியமரத்தடியில் ஒரு கோடு வந்தது, போனது. வாட்ஸப்பில் எழுதினேன். 'உங்கள் போனில் உள்ளதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அங்கே அனுப்புங்கள்.' ஒரு டிக். ஒரே ஒரு டிக்; அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஜீப் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து, ஏறப் போகிறேன் என்று நினைத்து நிறுத்தினார். இல்லை என்றேன். போய்விட்டார். ஒரு டிக்தான் இருந்தது.

எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது. விடை கையில் இருந்தது. கொடுக்க வழியில்லை. இருட்டுகிற வரைக்கும் நின்றேன். கீழே இறங்கும் பஸ்ஸில் எந்த வளைவிலோ இரண்டு டிக் விழுந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மண்டபத்தில் நடந்ததைத் தம்பி மறுநாள் கடைக்கு வந்து சொன்னார். கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோவும் கொண்டுவந்திருந்தார்.

அண்ணன் மேடையில் நிற்கிறார். புதுச் சட்டை, தம்பி தைத்தது. பின்னால் ஸ்கிரீனில் தட்டை எழுத்து. சத்தமில்லாமல் வாயை அசைக்கிறார்; முதல் வரி முடிகிற இடத்தில் வலது கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள் என்று. கூட்டம் சொல்லத் தொடங்குகிறது. முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள். ஒருவர் இரண்டாவது சொல்லில் இருக்கிறார். இன்னொருவர் நான்காவதில். யாரோ தப்பாகப் படித்து நிறுத்துகிறார். சிரிப்பு இல்லை. அவர்கள் மரியாதையான கூட்டம். பாவம், முயற்சி செய்கிறார்கள். வரி துண்டு துண்டாக வருகிறது. அண்ணனின் கை அப்படியே தூக்கினபடி இருக்கிறது.

தம்பி மேடை ஓரத்தில் தன் போனைக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டுகிறார். அதில் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளங்கை அளவு. யாருக்குத் தெரியும்.

"அத அந்த ஸ்கிரீன்ல சொருகலாமான்னு கேட்டேன்மா. ஒயரு சேரல."

பிறகு விழா நடத்துகிறவர் நல்ல மனதோடு மைக்கை எடுத்தார். தானே படித்தார். கணீரென்ற குரல். கூட்டம் 'வாஹ்' என்றது. அண்ணன் கையை இறக்கிவிட்டார்.

கடைசிக் கஜலின் நடுவில் ஃபாண்ட் வந்து சேர்ந்தது. சரிவு எழுத்துக்கு உயரம் அதிகம். பக்கம் முழுவதும் ஒரே குதியாகக் கீழே நகர்ந்தது. படித்துக்கொண்டிருந்த வரி ஸ்கிரீனை விட்டுப் போய்விட்டது. மைக்கில் படித்தவர் தடுமாறி நின்றார். ஸ்கிரீனில் அழகான சரிவு எழுத்து. ஆனால் வேறு வரி. யாரோ மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்கள். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீடியோ அதோடு முடிந்தது.

"உன் மெசேஜ வீட்டுக்கு வந்தப்புறம்தாம்மா பாத்தேன். இது எனக்கே தோணி இருக்கணும். தெனம் ஆயிரம் ஸ்கிரீன்ஷாட் எடுக்கறேன். துணி டிசைன் அனுப்பறதே அப்படித்தான்."

"தோணாது பாய். உங்க போன்ல நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கறத யாரு ஃபோட்டோ எடுப்பாங்க."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க நான் அந்தப் பக்கத்தை மறுபடி செய்தேன். யாரும் கேட்கவில்லை. பிரவுசரிலிருந்து பிடிஎஃப் எடுத்து ஒவ்வொரு வரியையும் கர்வ் ஆக்கினேன். லேசான படமாக வைத்தேன். அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக அதே வரி. இழுத்தால் நீலமாகும். எடுத்துக்கொண்டு போகலாம். மனிதர்களுக்குத் தெரிவது ஒன்று, போனுக்குத் தெரிவது ஒன்று. ஃபாண்ட் எதையும் இறக்க வேண்டியதில்லை. வேறு வேலையாக வெள்ளிமலை போனபோது அதே புளியமரத்தடியில் திறந்து பார்த்தேன். கொஞ்சம் சுற்றியது. வந்தது. சரிவாக வந்தது.

தம்பியிடம் சொன்னேன், அடுத்த வருடத்துக்கு இது ஆகும் என்று.

"அடுத்த வருஷம் ஸ்கிரீனு வேணாம்னுட்டாங்கம்மா. அதுல நேரம் ஜாஸ்தி போவுதாம். மேடையில சொல்ல முடிஞ்சவங்க மட்டும்தான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர்கிட்டதான் முதல்ல சொன்னாங்க."

ஒரு நாள் காலையில் அண்ணன் தனியாகக் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பலகையை எடுத்தார்.

'அன்றைக்கு அழகாகத்தான் வந்தது. லேட்டாக.'

டீ சொல்லட்டுமா என்றேன். தலையாட்டினார். சிஸ்டத்தில் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் மானிட்டரைத் திருப்பி வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் கஜலின் முதல் வரியில் விரலை வைத்தார். வாய் அசைந்தது. வரி முடிந்த இடத்தில் கை கொஞ்சம் மேலே எழுந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. திருப்பிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆதார் ஜெராக்ஸ் கேட்டு ஒரு அம்மா வந்தார். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். சில்லறை இல்லை என்று நின்றார். அப்புறம் கொடுங்கள் என்றேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் இரண்டாவது கஜலில் இருந்தார்.